சுருட்டி வைத்த கோடு

தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் கேஸ் அடுப்பு செய்யும் கம்பெனியில் விற்பனைக் கிளார்க். கணவன் எத்திராஜுக்கும் அங்கேதான் வேலை, இரண்டாம் ஷிஃப்டில். இருவருக்கும் திருமுல்லைவாயிலில் வீடு.

1993 ஆயுத பூஜைக்குச் சுவரில் ஒட்ட, பன்னிரண்டு மாத விற்பனையைக் கிராஃப் தாளில் கோடாக வரைந்தாள். மாதம் 920 அடுப்பில் தொடங்கி 800க்கு இறங்கியிருந்தது. தாளின் அடி விளிம்பை 700 என்று வைத்து அளவைத் தொடங்கியதால் சரிவு பளிச்சென்று தெரிந்தது.

“இன்னாம்மா இது, சறுக்கு மரமாட்டம் கீது?” என்றார் மேனேஜர் கஜபதி. “பூஜை அன்னிக்கு முதலாளி இத்தப் பார்க்கணுமா? கோடு வேணாம், மாசத்துக்கு ஒரு பட்டையா போடு.”

“பட்டைன்னா பூஜ்யத்துலேர்ந்து நிக்கணும் சார். எல்லா மாசமும் ஒண்ணு போலத்தான் தெரியும்.”

“அதான் வேணும்.”

போட்டாள். நூறு அடுப்புக்கு ஒரு சென்டிமீட்டர். முதல் பட்டை 9.2, கடைசி 8. ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். முதலாளி தள்ளி நின்று பார்த்தார். “எல்லா மாசமும் ஒரே உசரமா நிக்குதே!” என்று பட்டைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தாட்சாயிணி கோட்டைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டாள்.

ஐந்து மாதத்தில் விற்காத அடுப்புகள் கிடங்கை அடைத்தன. கஜபதி மறுபடி வந்தார்.

“ரெண்டாம் ஷிஃப்ட்ட நிறுத்தப் போறோம். யூனியன்காரங்களுக்குக் காட்டணும். கோடா போடும்மா.”

“எங்க ஊட்டுக்காரரு அந்த ஷிஃப்டு, சார்.”

“தெரியும்மா.”

புதிதாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. டிராயரைத் திறந்து அதே தாளை விரித்து, ஐந்து புள்ளிகள் வைத்துச் சேர்த்தாள். 710 என்ற கடைசிப் புள்ளி தாளின் அடி விளிம்பில் போய் நின்றது.