பெரியப்பா பெயரில் பட்டா, அப்பா பெயரில் பத்திரம்

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ நிலம் அவனுடையது என்று நாற்பது வயது வரை நம்பினேன். பத்திரமா? கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகையை யார் படிப்பார்கள்?

திருவிடந்தையில் அந்தச் சவுக்குத் தோப்பை வாங்கியவர் அப்பா. நிலவரியான தீர்வையைக் கட்ட ஊர்க் கணக்கரான கர்ணத்திடம் போனவர் பெரியப்பா. மூத்தவர் இருக்க இளையவர் போய் நிற்பது எங்கள் குடும்பத்தில் மரியாதைக்குறைவு. அப்பா பணம் கொடுத்தனுப்புவார். ரசீதும் பட்டாவும் பெரியப்பா பெயரிலேயே ஏறின. இருவரும் காலமான பின் பெரியப்பா மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, நிலம் வாங்க வந்த ஒரு மெட்ராஸ்காரரோடு தோப்பில் வந்து நின்றான்.

“பட்டா எம் பேர்ல கீது. மரத்த வெட்டிகினு கெளம்பு.”

“அண்ணே, அப்பா வாங்கினது…”

“ஒங்கப்பன் எந்நாளாச்சும் தீர்வ கட்னானாடா?”

வயிறு கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, மிச்சப் பேச்சை ஒரு சவுக்குப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தபடிதான் கேட்டேன்.

“செங்கல்பட்டுக்கு வந்து, நெலத்துல ஒனக்கு பாத்தியத இல்லன்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடு. ஓரமா பத்து சென்ட் வுடறேன், பொழச்சிப் போ.”

அப்பாவுக்கு ஒரே வாரிசான நான், புதருக்குள்ளிருந்தே அவனுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதி முடிந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

“நெலம் அவருதுன்னா ஒங்க கையெழுத்து இன்னாத்துக்கு?” என்றாள்.

“பொம்பளைய வாய மூடச் சொல்லுடா,” என்றான் அண்ணன்.

மெட்ராஸ்காரருக்கு வெயில், எரிச்சல். “சீக்கிரம் போடுங்க சார். பட்டாவ மட்டும் நம்பி வாங்காதேன்னு எங்க வக்கீல் சொல்லிட்டார். தீர்வை யார்கிட்ட வசூல் பண்றதுன்னு சர்க்கார் வச்சிருக்கிற கணக்கு அது. கிரயப் பத்திரம் உங்க அப்பா பேர்லதானே பதிவாயிருக்கு? நீங்க விட்டுக்கொடுத்தாத்தான் எனக்கு நிலம்.”

அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்துபோயிருக்க வேண்டும். நான் பேனாவை மூடினேன். மூடி இரண்டு முறை கீழே விழுந்தது. அதையும் வீரம் என்றுதான் வீட்டில் சொல்லிவருகிறேன்.

“நீ நல்லாவே இருக்கமாட்டடா,” என்றான் அண்ணன்.

“இப்பவும் நல்லா இல்லண்ணே, வயிறு இன்னும் சரியாவல.”

கையெழுத்துப் போடவில்லை. மெட்ராஸ்காரர் போய்விட்டார். அப்பாவின் பத்திரத்தைக் காட்டிப் பட்டாவை மாற்றக் கேட்டேன், அண்ணன் ஆட்சேபித்தான். யாருக்கு உரிமை என்று தீர்ப்பது தன் வேலையல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார் தாசில்தார். போனோம். கோர்ட்டில் பத்திரம் நின்றது, பட்டா நிற்கவில்லை. தீர்ப்பின் நகலைக் கொடுத்த பிறகு பட்டாவும் என் பெயருக்கு வந்தது. இப்போது தீர்வையை நானே கட்டுகிறேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.