சேவல் கொண்டை மருந்து

டீச்சருடைய வலது முழங்காலின் எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டு நின்றன. இடையில் ஒரு கீற்று இடைவெளிகூட இல்லை. மூட்டு மாற்று அறுவையைத் தவிர வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நான் எலும்பு மருத்துவன். முழங்காலுக்குள் போடும் ஹையலுரானிக் அமில ஊசி அப்போது பேச்சாக இருந்தது. தேய்மானம் முற்றாதவர்களில் சிலருக்கு அது கொஞ்சம் உதவும். ஆய்வுகளில் வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் பலர் தேறியதால், மருந்தின் பங்கு எவ்வளவு என்பதே சந்தேகம்.

டீச்சர் ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணக் குடும்பம், முட்டைகூடத் தொடாத சைவம்.

"ஆப்பரேஷன் வேணாம்லா டாக்டர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறணும். முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"ஊசி இருக்கு டீச்சர்."

"என்ன மருந்து அது?"

"மூட்டுல இயற்கையா இருக்கிற வழவழப்புதான்."

பொய்யில்லை. ஆனால் அந்த மருந்தைச் சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பார். 'என்னிடம் வேறு ஒன்றும் இல்லை' என்று ஒரு நோயாளியிடம் சொல்ல எனக்கு அந்த வயதில் வாய் வராது.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு கைப்பிடியைத் தொடாமல் படியேறி வந்தார். மூன்றாவதற்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஃப்ளாட்டு பன்னெண்டாவது மாடி டாக்டர். விடியறதுக்கு முன்னால சேவல் கூவுது. வீட்டுக்காரருக்குக் கேக்கல."

"கனவா இருக்கும்."

"முழிச்சுத்தான் இருந்தேன். கீழருந்து வரல. போர்வைக்குள்ளருந்து வருது."

என் கை நின்றது. அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. இருந்தும் ஊசியைப் போட்டேன்.

மறுநாள் முழங்கால் பலாக்காய் போல் வீங்கிச் சுட்டது. கலங்கிய நீரை உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிருமி இல்லை. அந்த மருந்தே சிலருக்கு இப்படிச் செய்யும். தைப்பூசத்தன்று அவர் கட்டிலில் கிடந்தார்.

அண்மையில் என் மருமகன் தன் முழங்கைத் தசைநாண் வலிக்குப் பிளேட்லெட் ஊசி போடலாமா என்று கேட்டான். சொந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்துப் போடுவது. "சிலருக்குக் கேட்கும், எல்லாருக்கும் இல்லை, ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை" என்றேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். டீச்சரிடம் இப்படி ஒரு தடவை பேசியிருக்கலாம்.

அன்று வீக்கம் வடிந்த பின் டீச்சர் வீட்டுக்குப் போனேன். சுவரில் முருகன் படம். படத்தில் அவன் கொடியில் சேவல் இருந்த இடத்தில் திருநீற்றைக் குழைத்துத் தடிமனாக அப்பியிருந்தார்.

"அவன் என்னை வராதேன்னுட்டான் டாக்டர். சேவலை அனுப்பிச் சொல்லிட்டான். நான் என்ன பாவம் பண்ணினேன்?"

முருகன் இல்லை டீச்சர், நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்த மலைப்பக்கம் போகவேயில்லை.