சன்னலோரக் கதிரை

போர் முடிந்திருந்த காலம். மலையகத்து ஹட்டனில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கொழும்புக் கம்பனிகளுக்கு வரும் தொலைபேசி முறைப்பாடுகளை அங்கிருந்தபடி நாங்கள் கேட்டுப் பதில் சொல்லுவோம். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று தெற்கிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கத்துவார். அடுத்த அழைப்பில் வடக்கிலிருந்து ஓர் அம்மா தமிழில் அழுவார். அதற்கடுத்தவர் ஆங்கிலத்தில் அதட்டுவார். மூன்றுக்கும் மூஞ்சி சுளிக்காமல் பேசியது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு மேற்பார்வை நான். மஸ்கெலியா பஸ்ஸில் காலையில் தொங்கிக்கொண்டு வந்து, இருட்டுவதற்குள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். எங்கள் பக்கத்தில் படித்த ஒருத்திக்கு, வீட்டில் இருந்தபடியே போய்வர இப்படி ஒரு வேலை கிடைப்பதென்றால் அது சும்மா இல்லை.

முதலாளியும் தோட்டத்தில் பிறந்தவர்தான். கொழும்பில் பல வருடம் உழைத்துவிட்டு, ஊரிலேயே ஏதாவது செய்யவேண்டும் என்று வந்தவர். அவரை சேர் என்போம். ஒருநாள் சேர் எங்களைக் கூப்பிட்டு, கொழும்புக் கம்பனி ஒன்று தன் அழைப்புகள் முழுவதையும் நமக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் ஆட்களை இருமடங்காக்கிக் காட்டவேண்டும், அதற்கு மூன்று மாதம்தான் தவணை என்றார். பிறகு என்னைத் தனியாகப் பார்த்து, வேலை வந்தால் என் தங்கச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்றார்.

தங்கச்சி அப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றாள். நின்றாள் என்பது சரியான சொல். காலையிலிருந்து இரவு வரை உட்கார விடமாட்டார்கள். கால் வீங்கிப்போய், கடையின் மேல்தட்டில் துணி மூட்டைகளுக்கு இடையில் படுப்பாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு யோசனையே இல்லை.

பேப்பரில் விளம்பரம் போட்டால் ஆள் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பேப்பர் எங்கே பார்க்கிறார்கள்? அதனால் சேர் முகநூலில் கம்பனிக்கு ஒரு பக்கம் திறந்தார். வெறுமனே ஆள் தேவை என்று போட்டால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான், இங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டினால்தான் வரவேண்டும் என்ற ஆசை வரும் என்றார். யோசனை சரியானதுதான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழில் எழுதினால் பாதிப் பேரின் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம்.

நான் முதலில் போட்ட படம், உட்கார ஆளில்லாத ஒரு காலிக் கதிரை. சன்னலோரத்தில் இருந்தது. வெளியே மலையும் மூடுபனியும் தெரியும். கீழே, இந்தக் கதிரை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று எழுதினேன். தங்கச்சியை நினைத்துத்தான் எழுதினேன், வேறு யாரை நினைப்பேன்? நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத கூட்டம் அந்தப் படத்துக்கு வந்தது.

பிறகு வாரம் ஒருவரை அறிமுகப்படுத்தினோம். ஒழுங்கான வெளிச்சத்தில் சிரித்த முகமாக ஒரு படம், கீழே அவர் கதை. எந்தத் தோட்டம், என்ன படித்தார், எத்தனை மொழி பேசுவார், எவ்வளவு பொறுமையாகக் கோபக்காரரைச் சமாளிப்பார் என்று ஒன்று விடாமல் எழுதினோம். படத்தில் அவரவர் தங்கள் பெயரை இணைத்துக்கொள்வார்கள், அந்தப் பெயரைத் தொட்டால் நேரே அவர்களின் முகநூல் பக்கத்துக்குப் போகும். சேர் அப்படித்தான் செய்யச் சொன்னார். அவர்களுடைய சிநேகிதர்களுக்கும் அப்போதுதான் போய்ச் சேருமாம். டயகமத் தோட்டப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் படம் போட்ட அன்று, அவள் அம்மா காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாராம். பூரிக்காமல் என்ன செய்வார்? தோட்டத்துப் பிள்ளை கெட்டிக்காரி என்று நாலு பேர் பார்க்க எழுதியவர் யார் இருந்தார்கள் அதுவரை? அந்தப் பெருமையில்தான் நாங்கள் கண்மண் தெரியாமல் எழுதிக் குவித்தோம்.

விண்ணப்பங்கள் வரத்தான் செய்தன. பாதி கத்தாரிலிருந்தும் துபாயிலிருந்தும். ஊருக்கு வர ஏங்குகிறவர்கள், ஆனால் ஒப்பந்தம் முடியாமல் வரமுடியாதவர்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒருசிலர் நெட் கஃபேயில் உட்கார்ந்து எழுதிக் கேட்டு, நேரில் வந்தார்கள். அவர்களைப் பழக்கி எடுக்க நாளாகும். பழக்குவதற்குப் பழையவர்கள் வேண்டும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்த டயகமப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"அக்கா, கொழும்புலேருந்து நம்மள மாதிரியே போன் எடுக்குற ஒரு கம்பனி மெசேஜ் அனுப்பியிருக்காங்க. வர்றியான்னு கேக்குறாங்க. தங்க எடமும் தருவாங்களாம்."

"ஒன்னய எப்படி அவங்களுக்குத் தெரியும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். ஒங்க பக்கத்துலயே எல்லாம் போட்டிருக்கே, மூணு பாஷையும் பேசுவீங்களாமேன்னாங்க."

அன்று சாயந்தரம் பக்கத்தை முதலிலிருந்து பார்த்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒருத்தர் விடாமல், படத்தோடும் திறமையோடும், தொட்டால் பேசும்படி வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். வெற்றிலை பாக்கு மட்டும்தான் வைக்கவில்லை. அவளுக்கு மட்டுமா அந்த மெசேஜ் போயிருக்கும்? விசாரித்தால், படம் போட்ட எல்லோருக்கும் போயிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. அன்றே பெயர்களை எடுக்கச் சொன்னார், கதைகளை அழிக்கச் சொன்னார். அழித்து என்ன பிரயோசனம், பார்க்கவேண்டியவர்கள் பார்த்தாயிற்று. அந்தக் கொழும்புக் கம்பனி தருவதாகச் சொன்னதை சேரால் தரமுடியாது. பிள்ளைகளையும் நான் குறை சொல்லமாட்டேன். கூரை ஒழுகும் லயத்தில் இருந்துகொண்டு, வருவதை வேண்டாம் என்று தள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா? டயகமப் பிள்ளை முதலில் போனாள். பிறகு ஒவ்வொருவராக. புதிதாக வந்தவர்களைப் பழக்க ஆளில்லாமல், அவர்களும் அழைப்பவர்களிடம் ஏச்சு வாங்கி வாங்கி நின்றுவிட்டார்கள். தவணை முடிந்தபோது இருமடங்கு ஆளைக் காட்டவேண்டிய இடத்தில், இருந்ததில் பாதிகூட இல்லை. பெரிய வேலையும் வரவில்லை, கொழும்புக்காரர்கள் பழைய வேலையையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்த அழைப்புகள் போனது எங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்ட அதே கம்பனிக்கு. எங்கள் பிள்ளைகள்தான் அங்கேயும் போன் எடுத்தார்கள்.

கடைசி நாள் மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். சேர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போது தங்கச்சி போனில் கூப்பிட்டாள். ஆட்கள் போவதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? வாரத்துக்கு ஒருமுறை, கடைக்காரர் வெளியே போன நேரம் பார்த்துப் பேசுகிறவள்.

அன்று குரலில் ஒரு தெம்பு இருந்தது. நான் போட்ட படத்தைக் கடைப்பிள்ளை ஒருத்தியின் போனில் பார்த்தாளாம். கேட்டு வாங்கித் தன் போனிலும் வைத்திருக்கிறாளாம். நின்று நின்று கால் கடுக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாளாம்.

"அக்கா, மாசம் முடிய கடையில சொல்லிட்டு வந்துறவா? அந்தச் சன்னலோரக் கதிர இன்னும் காலியாத்தான இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அறை முழுக்கக் கதிரைகள்.

"காலியாத்தான் இருக்கு" என்றேன்.