வெறும் கரைப்பானின் மேடு

ஒரு வரைபடத்தின் கடைசியில் எழுந்த சிறு மேட்டை நம்பி ஒருவருடைய தொழிலை நிறுத்தச் சொல்லலாமா? பாமன்கடையில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, சொல்லலாம் என்றே நினைத்தேன். சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று இரசாயனம் படித்தவளுக்கு, கண்டிக்கத் தகுந்த ஒருவர் கிடைப்பது அவ்வளவு அடிக்கடி நடப்பதல்ல.

கண்டிக்கப்பட இருந்தவர் கொட்டாஞ்சேனையில் பிளாஸ்டிக் கப் வார்க்கும் ஓர் அக்கா. மருதானையில் வட்டலப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்பைக் கப்பில் அடைத்து விற்கும் நிறுவனம் ஒன்றுக்காகத்தான் அவருடைய மெஷின்கள் ஓடின. மூடியை அழுத்தினால் கப் வெடிக்கிறது, அவர் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலக்கிறார் என்பது நிறுவனத்தின் சந்தேகம். கலப்பு இருப்பதாக நாங்கள் எழுதினால் நிறுவனம் தரும் ஓடர் நிற்கும். ஓடர் நின்றால் அவருடைய மெஷின்களும், அங்கே கிராண்ட்பாஸிலிருந்து வந்து வேலை செய்த பெண்களும் நிற்க வேண்டும். அதையும் யோசித்தேன். ஆனால் வட்டலப்பத்தைக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள் என்று இன்னும் கனமாக யோசித்தேன்.

கப்பின் சிறு துண்டைக் கரைத்து, வடிகட்டி, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜீ.பீ.சீ. கருவியில் செலுத்துவோம். கருவியின் இதயம் ஒரு நீண்ட உருக்குக் குழாய். அதற்குள் நுண்துளைகள் நிறைந்த மணிகள். பெரிய மூலக்கூறுகள் அந்தத் துளைகளுக்குள் நுழைய முடியாமல் நேரே ஓடி முதலில் வெளியே வந்துவிடும். சிறியவை ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து பிந்தி வரும். சனிக்கிழமை வெள்ளவத்தையில் எல்லாப் புடவைக் கடைக்குள்ளும் ஏறி இறங்குகிறவர் வீட்டுக்குப் பிந்தி வருவதைப் போல. ஓடும் கரைப்பானிலிருந்து வேறுபட்டு வருவதையெல்லாம் உணர்கருவி கண்டு ஒரு கோடாக வரையும். நிறை தெரிந்த பொலிஸ்டைரீன் மாதிரிகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று முதலே பார்த்து வைத்திருப்பதால், கோட்டின் எந்த இடம் எந்த நிறை என்பதையும் படிக்கலாம்.

கப்பின் கோட்டில் பெரிய மலை அழகாகவே இருந்தது. சில மாதங்களுக்கு முன் இதே நிறுவனத்துக்காக நாங்கள் அளந்த புதிய பிளாஸ்டிக் குருணையின் மலைமேல் வைத்தால் இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. ஆனால் மலை இறங்கி முடிந்த பின், மிகச் சிறிய மூலக்கூறுகள் வரும் இடத்தில், குருணையில் இல்லாத ஒரு மேடு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது எண்ணிக்கைச் சராசரி பாதாளத்துக்கு விழுந்தது. நிறைச் சராசரியோ ஏறக்குறைய அசையவில்லை.

இரண்டு சராசரிகளும் இரண்டு விதமான தேர்தல்கள். முதலாவதில் பெரியது சிறியது பாராமல் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு வாக்கு. இரண்டாவதில் கனத்துக்கு ஏற்ப வாக்கு. சிறியவை எடையில் கொஞ்சமானாலும் எண்ணிக்கையில் ஏராளம் என்பதால் முதலாவதை அவை கவிழ்த்துவிடும். என் அனுதாபம் எப்போதும் முதலாவது தேர்தலோடுதான். ஆகவே அதன் முடிவை நம்பினேன்.

"பழசை உருக்கி உருக்கிப் போட்டிருக்கினம். மூலக்கூறுச் சங்கிலி துண்டு துண்டா உடைஞ்சு போச்சு," என்றார் எங்கள் கூடத்தின் தலைவர். நாங்கள் அவரைச் சேர் என்போம். "அறிக்கையை எழுதும். அனுப்ப முதல் அந்த மனுசியையும் கூப்பிட்டுக் காட்டுவம். பிறகு வந்து சண்டை பிடிக்கக்கூடாது."

அறிக்கை அனுப்ப முதலே அக்கா வந்து சண்டை பிடித்தார்.

"மேட்டைக் காட்டி என்னைக் கள்ளி எண்டு சொல்லப் போறீங்களா, சேர்?"

"நான் சொல்லேல்ல. கருவி சொல்லுது."

"கருவிக்கு என்ட வீட்டு அட்ரஸ் தெரியுமா? பழசு போட்டா கப் மஞ்சளடிக்கும். பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. தங்கச்சி, நீங்களாவது பாருங்க."

"அக்கா, கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தானே இது இருக்கு," என்றேன். இப்போது எழுதும்போதும் அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் தெரியவில்லை.

"தெரியாததைப் பாத்துட்டு அது என்டதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவரை நியாயமான முறையில் திருப்திப்படுத்த விரும்பினேன். கப்பே போடாமல் வெறும் கரைப்பானை அவர் கண்முன் செலுத்திக் காட்டுவது என்று தீர்மானித்தேன். கோடு தட்டையாக ஓடும். மேடு கப்பினுடையது என்பதை அவரே காண்பார். ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதென்றாலும் அவருக்கு விளங்கும்படி ஆக்க வேண்டும் என்பது என் கொள்கை.

சேர் தேநீர் சொன்னார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார். கோடு தட்டையாக ஓடியது. மலை வரவேண்டிய இடத்தில் மலை வரவில்லை. நான் அக்காவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தேன். பிறகு, அதே இடத்தில், அதே உயரத்தில், மேடு எழுந்தது.

"இதுக்குள்ள என்ட கப் இருக்கா?" என்றார் அக்கா.

"இல்லை," என்றேன்.

"அப்ப யார்ட?"

எங்களுடையது. டொலர் இல்லாத காலம் அது. வாங்கிய கரைப்பான் மீட்க முடியாமல் துறைமுகத்தில் கிடந்தது. அதனால் கருவிக்குள் ஓடிக் கழிந்த கரைப்பானைச் சில வாரங்களாக நாங்களே, ஆபத்தான பெரொக்சைட் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்த பின், காய்ச்சி வடித்துத் திரும்பக் கருவிக்கு ஊற்றினோம். வாடிக்கையாளரின் மாதிரியை மட்டும் எஞ்சியிருந்த புதுப் போத்தலிலிருந்து கரைத்தோம். இப்போது செலுத்திய வெறும் கரைப்பானும் அதிலிருந்துதான். வந்தவருக்கு நல்ல கோப்பையும் வீட்டாருக்குக் காது உடைந்த கோப்பையும் எடுக்கிற மரியாதை அது என்று அக்காவுக்கு விளக்கினேன். புதுப் போத்தலில், கரைப்பான் கெடாமலிருக்கத் தயாரிப்பாளர் சேர்த்த காப்புப் பொருள் கொஞ்சம் இருந்தது. வடித்ததில் அது இல்லை. குடுவையின் அடியிலேயே தங்கிவிட்டது. குருணையை அளந்த நாளில் போல இரண்டும் ஒரே போத்தலாக இருந்திருந்தால் அந்தக் காப்புப் பொருள் கோட்டில் தெரிந்திராது. எங்கள் மரியாதைதான் அதை மேடாக்கியது.

இன்னொன்றையும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையாகவே பழசை உருக்கிச் சங்கிலிகள் உடைந்திருந்தால், பெரிய மலையே பிந்திய பக்கம் நகர்ந்திருக்கும். நிறைச் சராசரியும் இறங்கியிருக்கும். அசையாத அந்த மலை முதல் நாளிலிருந்தே எங்கள் முன்னால் நின்றது.

"அந்தப் பொருள் நஞ்சா?" அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. மார்ஜரீனிலயும் போடுறது."

"அப்ப வட்டலப்பத்துக்குப் பயமில்ல," என்று சொல்லி, வெறும் கோப்பையைச் சேரின் மேசையில் வைத்தார். "காது உடையேல்ல. நல்ல கோப்பைதான் தந்திருக்கீங்க."

சேர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "புதுசா ஓட்டும், பிள்ளை. ரெண்டுக்கும் ஒரே போத்தல்," என்றார். அக்கா எழுந்து போகவில்லை. கப்பின் கரைசல் ஓடி முடியும்வரை இருந்தார். மேடு இல்லை, இரண்டு சராசரிகளும் குருணையோடு ஒத்துப்போயின.

அறிக்கையில் பழைய பிளாஸ்டிக்குக்கு அடையாளம் இல்லை என்று எழுதினோம். கப் ஏன் வெடிக்கிறது என்று நிறுவனம் திரும்பக் கேட்டது. அதை இந்த வரைபடம் சொல்லாது என்று எழுதினோம். மூடி அழுத்தும் மெஷினைப் பார்க்கும்படி ஒரு வரியும் சேர்த்தோம். பார்த்தார்களா என்பது தெரியாது. அக்காவின் ஓடர் நிற்கவில்லை.

அதன் பிறகு எங்கள் கூடத்தில் மாதிரியைக் கரைப்பதும் கருவிக்குள் ஓடுவதும் ஒரே போத்தலிலிருந்துதான். எந்த மாதிரிக்கும் முன் வெறும் கரைப்பானைச் செலுத்திப் பார்க்கிறோம்.