முகூர்த்த வீடியோவில் ஆடிய பெயர்கள்

விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்க வேண்டிய ஒரு நாளில் நான் திறக்காமல் இருந்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

எங்கள் கேமராமேன் கோலியனூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டாண்டு வைக்க மாட்டார். கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுப்பார். மேடையில் சொந்தக்காரர்கள் முட்டி மோதினாலும் படம் அலுங்காது. போன வருஷம் காய்ச்சல் வந்துபோன பிறகு மணிக்கட்டில் வலி தங்கிவிட்டது. "கை முன்ன மாதிரி இல்லம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது தெரிந்தும்தான் நான் அப்படிச் செய்தேன்.

ஒரு கல்யாணத்தில், பூ கட்டிய காரில் தொடங்கி மண்டபத்துச் சுவர் வரைக்கும் கேமராவை ஒரே வீச்சில் திருப்பியிருந்தார். அந்தச் சுவரில் பொண்ணு மாப்பிள்ளை பெயர்களை எழுதி வைத்தது போலக் காட்ட நினைத்தேன். சுவர் நகர நகர எழுத்தும் கூடவே நகரும்படி ஒட்டியும் விட்டேன்.

ஆனால் ஒட்டினால் மட்டும் போதாது. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்தான். கேமரா ஒவ்வொரு படத்தையும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் எடுத்தாலும், அந்தக் கொஞ்ச நேரத்தில் நகர்கிற பொருள் நகரும் திசையில் லேசாக இழுபட்டுத்தான் பதியும். கம்ப்யூட்டர் எழுத்து அப்படி இழுபடாது. ஒவ்வொரு படத்திலும் பளிச்சென்று நின்று, அடுத்ததில் தள்ளிப் போய் நிற்கும். சுவர் வழுக்கிக்கொண்டு போகும்போது பெயர் மட்டும் வெடுக் வெடுக்கென்று குதிக்கும். இதற்கென்று சாஃப்ட்வேரில் 'மோஷன் பிளர்' இருக்கிறது. போட்டால் எழுத்தும் சுவரைப் போலவே இழுபடும், கேமரா நின்றதும் தெளிந்துவிடும். வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அதை அணைத்து வைத்திருந்தேன். முடித்ததும் போட்டிருக்க வேண்டும். போட்டால் வீடியோ வெளியே வர இன்னும் ரொம்ப நேரமாகும். பொண்ணோட அப்பா வேறு வந்து உட்கார்ந்துவிட்டார். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே திரையில் போட்டுக் காட்டினேன்.

அவர் கவனித்தார். "இன்னாங்க இது, பேரு வர்ற எடத்துல கேமரா கிடுகிடுன்னு ஆடுது?" என்றார், பக்கத்தில் நின்ற கேமராமேனைப் பார்த்து.

கேமராமேன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "காய்ச்சலுக்கப்புறம் இந்தக் கை பேஜாரு பண்ணிக்கினு இருக்குதுங்க. மன்னிச்சிக்கோங்க" என்றார்.

'கேமரா ஆடவில்லை, என் எழுத்துதான் ஆடுகிறது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் எனக்கு அவமானம். மௌஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டின் இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கும் இவரிடம்தான் சொல்லி வைத்திருந்தார்கள். "அதுக்கு வேற ஆள வெச்சிக்கோங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

அவர்கள் போன பிறகு மோஷன் பிளரைப் போட்டேன். பெயர்கள் சுவரோடு சுவராகப் போய் அமைந்தன. அவர் எடுத்த படத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் அதைப் பார்த்துவிட்டு, "என் கை ஆட்டத்த எடிட்டிங்லயே மறச்சிட்டியேம்மா, நீ நல்லா இருக்கணும்" என்றார். அந்த வாழ்த்தையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாதம் அவர் கேமராவை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் ஓடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணா, உங்க கை ஆடவே இல்ல. தப்பு என்னோடது. மோஷன் பிளர் போடாம விட்டுட்டேன். அன்னிக்கி பயந்துக்கினு சும்மா இருந்துட்டேன்."

அவர் பொறுமையாகக் கேட்டார், சிரித்தார்.

"ஸ்டூடியோவுக்கு வாங்கண்ணா. பிளர் போட்டதையும் போடாததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிக் காட்டறேன்."

"கம்ப்யூட்டர்ல இன்னா வேணும்னாலும் காட்டலாம்மா" என்றார். "எம் மனசு நோவக்கூடாதுன்னு பழிய உம் மேல போட்டுக்கினு வந்து நிக்கற பாரு, இந்த மனசு யாருக்கு வரும்?"

கோலியனூர் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால், ஆடாத அந்தக் கையை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.