கட்டாத வாடகை

பிப்ரவரி மாதம் எங்கள் பள்ளியில் எல்லோருடைய வருமான வரிப் படிவத்தையும் கணக்கு சார்தான் எழுதுவார். நாங்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோம்.

ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய நானே பள்ளியில் கொடுத்த வரிப் பிடித்தச் சான்று, ஃபார்ம் 16-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்கு கொடுத்திருந்தது. கொடுத்த வாடகை எவ்வளவு என்று வருமான வரி இணையதளம் கேட்டது. கணக்கு சாருக்குப் போன் செய்தேன்.

"எல்லாருக்கும் ஒரே வாடகதான் டீச்சர். ரசீதுல வீட்டு ஓனர்னு ஒங்க சார் பேரப் போட்டிருக்கேன்" என்றார்.

அறந்தாங்கியில் நான் குடியிருக்கும் வீடு கணவர் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டியது. அவருக்கு நான் வாடகை என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. விலக்கை எடுத்துவிட்டேன். கூடுதலாக வந்த வரியை வட்டியோடு கட்டினேன்.

அன்று மாலை போனில் கணவரிடம், "ஒங்களுக்கு நான் வாடகை கொடுத்ததா எழுதியிருந்தாங்க" என்றேன்.



"வருசத்துல முப்பது நாள் வந்து தங்கிட்டுப் போறவன் நான். வாடக நான்தான் ஒனக்குத் தரணும்" என்றார்.