படத்தோடு போன முதல் பக்கம்

1989 ஜூன் 1. தனப்பிரியாவின் பிறந்த தேதி என்று பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் சொல்வது இது. ஜேடர்பாளையத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் அம்மாவைக் கேட்டால் ஆடிப் பதினெட்டு என்பார். ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பதற்காக, வாத்தியார் இரண்டு மாதத்தை முன்னால் தள்ளி எழுதினார். அந்தத் தேதி தன் வாழ்க்கையில் ஒருநாள் குறுக்கே வந்து நிற்கும் என்று தனப்பிரியா நினைத்ததில்லை. தனியாக வந்திருந்தால் நின்றிருக்காது. கூடவே ஒரு படமும், ‘பிரிந்து வாழ்பவர்’ என்ற சொல்லும் வந்தன.

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவர் செவிலியர். கணவர் ஜெகதீஸ்வரன் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவரை விட்டு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மகள் நிலாவுக்கு எட்டு வயது, தனப்பிரியாவோடு இருக்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் தனப்பிரியாவின் திட்டம். அதற்காக இரவுப் பணி முடித்து வந்து ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தார். இரண்டாம் முறை தேறினார்.

வெளிநாட்டு வேலை விண்ணப்பத்துக்கு பயோடேட்டா தயாரிக்க, பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அருணகிரியிடம் போனார். கல்யாண பயோடேட்டாவும் வேலை பயோடேட்டாவும் அடிப்பதுதான் அவர் பிழைப்பு. எந்த நாட்டுக்கு என்ன போடுவது என்பதில் அவர் தடுமாறியதில்லை. அயர்லாந்து, இங்கிலாந்து, கனடா என்றால் படம் கூடாது, பிறந்த தேதி கூடாது, கல்யாண விவரமும் கூடாது. படிப்பும் அனுபவமும் போதும். வயதையும் குடும்பத்தையும் பார்த்து ஆள் எடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று அங்கே படம் வைத்த தாளைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். ஜெர்மனி என்றால் படம் வைப்பது வழக்கம், கட்டாயமில்லை. வளைகுடா என்றால் எல்லாமே வேண்டும்: வெள்ளைப் பின்னணியில் படம், பிறந்த தேதி, மதம், கல்யாண நிலை. உள்ளூரிலேயே வேலையைப் பொறுத்து மாறும். மருத்துவமனை வரவேற்பு மேசைக்குப் படம் கேட்பார்கள், ஐ.டி. கம்பெனிகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

தனப்பிரியாவுக்கு இரண்டு தாள்கள் தேவைப்பட்டன. அயர்லாந்துக்கு ஒன்று, மகளை உடன் அழைத்துப் போகலாம் என்பதால் அதுதான் அவர் விரும்பியது. அது கிடைக்காவிட்டால் சவூதி. அங்கே ஹாஸ்டல் வாழ்க்கை, நிலா பாட்டியிடம் இருக்க வேண்டியிருக்கும்.

சவூதித் தாளில் கல்யாண நிலை என்ற இடம் வந்தபோது அருணகிரி தட்டச்சை நிறுத்தினார்.

“கல்யாணமானவர்னே போடட்டுங்களா அம்மிணி? தீர்ப்பு வார வரைக்கும் சட்டப்படி அதுதானுங்களே. பாஸ்போர்ட்டுலயும் அவரு பேருதான் இருக்குது. ரெண்டும் ஒத்துப்போகணும்.”

“நாலு வருசமா நான் தனியா இருக்கறனுங்ணா. பிரிஞ்சு இருக்கறேன்னே போடுங்க.”

“போட்டா அவங்க கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டுமுங்க. பதில் சொல்றேன்.”

அருணகிரி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிரிந்து வாழ்பவர், ஒரு பெண் குழந்தை என்று ஆங்கிலத்தில் அடித்தார். படம், போன் நம்பர், பிறந்த தேதி, மதம், குடும்பம் எல்லாம் முதல் பக்கம். பணி அனுபவம் இரண்டாம் பக்கம். அவருடைய வளைகுடா மாதிரிப் படிவம் அப்படித்தான். கல்யாண மாதிரியும் ஏறக்குறைய அப்படித்தான்.

சவூதித் தாள் சேலத்தில் ஒரு ஏஜென்சிக்குப் போனது. ஏஜென்சி அதைத் தன் முகவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. அந்த முகவர்களில் ஒருவர் ராசிபுரம் காளியண்ணன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதும் வரன் பார்ப்பதும் அவருக்கு ஒரே போனில் நடக்கிற தொழில்கள்.

இரண்டு வாரம் கழித்து, வார்டில் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் அழைப்பு வந்தது. எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு பெண்மணி. தம்பிக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னார். மனைவி இறந்துவிட்டார், ஐந்து ஏக்கரா இருக்கிறது, தறி இருக்கிறது என்றார்.

“போட்டோ பாத்தோமுங்க, புடிச்சிருக்குது. ஒரு கொழந்தைன்னா பரவாயில்லீங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க?” என்று குலத்தையும் கேட்டார்.

தனப்பிரியா தப்பான நம்பர் என்று சொல்லி வைத்தார். மறுநாள் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர், ஜூன் 1 பள்ளிக்கூடத்தில் போட்ட தேதிதானே, வயது முப்பத்தாறா முப்பத்தைந்தா, ஜாதகம் சரியான தேதிக்கு எழுதியதுதானா என்று கேட்டார். நான்காவது ஆள்தான் நம்பர் கிடைத்த வாட்ஸ்அப் குழுவின் பெயரைச் சொன்னார்: மறுமண வரன்கள். அதில் முதல் பக்கம் மட்டும் படமாக இருந்தது. இரண்டாம் பக்கம் இல்லை.

அதைப் போட்டவர் காளியண்ணன் என்று தெரிந்து தனப்பிரியா ராசிபுரம் போனார். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்றார்.

“படம் இருக்குது, பொறந்த தேதி இருக்குது, பிரிஞ்சவங்கன்னு இருக்குது. வரன் கேட்டு வந்ததுன்னு நெனைச்சுப் போட்டுட்டேன் சாமி. ராசி நட்சத்திரம் மட்டுந்தான் இல்லை, அதைக் கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன்.”

அழித்துவிட்டதாகப் போனைக் காட்டினார். அவர் போனில் அழிந்துதான் இருந்தது.

அடுத்த வாய்தாவில் ஜெகதீஸ்வரனின் வக்கீல் அந்தப் பக்கத்தை வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். வழக்கு முடியும் முன்பே இரண்டாம் கல்யாணத்துக்கு விளம்பரம் செய்கிறார், குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார், குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மனு. தனப்பிரியா இரண்டு பக்கங்களையும் ஏஜென்சிக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் கொடுத்தார். இது வேலை விண்ணப்பம் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும் என்றார். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி நடப்பதை அதே தாள்தான் உறுதிசெய்தது. வழக்கு முடியும் வரை நிலாவை நாட்டை விட்டு அழைத்துப் போகக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார்.

வெளியே படிக்கட்டில் ஜெகதீஸ்வரன் நின்றிருந்தார்.

“போட்டோல நல்லாத்தான் இருக்கற,” என்றார்.

தனப்பிரியா இறங்கிப் போனார். வண்டிச் சாவியை நீதிமன்றத்திலேயே மறந்து வைத்திருந்ததால், அதை எடுக்க மறுபடி அவரைத் தாண்டி ஏற வேண்டியிருந்தது.

அந்த வாரமே அயர்லாந்து மருத்துவமனைக்காரர்கள் வீடியோவில் பேசினார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். டயாலிசிஸ் நடுவே ரத்த அழுத்தம் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தொற்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், கோபப்படும் நோயாளியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். வயதைக் கேட்கவில்லை. கணவரைக் கேட்கவில்லை. நாற்பது நிமிடமும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததாகத் தனப்பிரியா அருணகிரியிடம் சொன்னார். பத்து நாளில் வேலை உத்தரவு வந்தது.

அருணகிரிக்கு மனசு கேட்கவில்லை. முதலில் தனியாகப் போய்ச் சேர்ந்துவிடச் சொன்னார். தீர்ப்பு வந்ததும் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்றார்.

“அவளை உட்டுட்டுப் போனா, அதையும் ஒரு பேப்பராக் கொண்டாந்து குடுப்பாங்கண்ணா,” என்றார் தனப்பிரியா.

அருணகிரி தன் வளைகுடா மாதிரியை இப்போது மாற்றிவிட்டார். முதல் பக்கத்தில் பணி அனுபவம்; படமும் சொந்த விவரங்களும் கடைசிப் பக்கத்தில். மேலே பெரிய எழுத்தில், எந்த வேலைக்கு என்று. தனப்பிரியாவுக்கு அதைக் காட்டவில்லை.

பணியில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டு தனப்பிரியா அயர்லாந்துக்கு எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. ஜனவரி 12 வரை அந்த இடம் அவருக்காகக் காலியாக இருக்கும். வழக்கின் அடுத்த வாய்தா பிப்ரவரி 3.